ஏசியன் ஹேண்டிகேப் கால் லைன்கள்: பாதி பாதியாகப் பிரியும் பந்தயப் பணம் எப்படித் தீர்க்கப்படுகிறது?

கேள்வி: ஏசியன் ஹேண்டிகேப்பில் -0.75 லைனில், 1.90 ஆட்ஸுக்கு 100 பவுண்ட் வைத்தேன். என் அணி ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றது. 190 வரும் என்று பார்த்தால் கணக்கில் 145தான் ஏறியிருக்கிறது. இந்த 0.25, 0.75 லைன்களில் வென்றாலோ சமனானாலோ தோற்றாலோ பணம் எப்படிப் பிரிகிறது?

பதில்:

145 பவுண்ட் என்பது சரியான கணக்குதான். நீங்கள் ஒரே பந்தயம் வைத்ததாக நினைத்தீர்கள். உண்மையில் 50 பவுண்ட் வீதம் இரண்டு பந்தயங்கள் வைத்திருக்கிறீர்கள். ஒன்று -0.5 லைனில், மற்றொன்று -1 லைனில். லைன் என்பது பந்தயத்தைத் தீர்க்கும்போது உங்கள் அணியின் கோல்களிலிருந்து கழிக்கும் அல்லது அவற்றோடு கூட்டும் எண். உங்கள் அணி ஒரு கோலில் வென்றதும் முதல் பந்தயம் வென்று 50 × 1.90 = 95 பவுண்ட் ஆனது. இரண்டாவது பந்தயத்தில் ஒரு கோலைக் கழித்ததும் ஆட்டம் சமனாகிவிடுகிறது. அதனால் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, வைத்த 50 பவுண்ட் அப்படியே திரும்பியது. 95-உம் 50-உம் சேர்ந்து 145. இலாபம் 45 பவுண்ட், அதாவது முழு வெற்றியில் கிடைத்திருக்க வேண்டிய 90 பவுண்டில் பாதி.

இந்தப் பிரிப்பை ஒருமுறை சரியாகப் பிடித்துக்கொண்டால் எந்தக் கால் லைனையும் அட்டவணை பார்க்காமலே தீர்க்கலாம். அதற்கு லைன்களின் மூன்று வகைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 0, 1, 2 போன்றவை முழு லைன்கள். 0.5, 1.5, 2.5 போன்றவை அரை லைன்கள். இவற்றுக்கு நடுவில் விழும் 0.25, 0.75, 1.25, 1.75 போன்றவைதான் கால் லைன்கள். முழு லைனில் கோல் வித்தியாசம் லைனுக்குச் சரிசமமாக வந்தால் பணம் திரும்பும். அரை லைனில் அப்படி நடக்கவே முடியாது. அரை கோல் யாரும் அடிப்பதில்லை என்பதால் அங்கே வெற்றி அல்லது தோல்வி மட்டுமே உண்டு. கால் லைன் என்பது தனக்கு இருபுறமும் உள்ள ஒரு முழு லைனையும் ஓர் அரை லைனையும் சேர்த்துக் கட்டியது. -0.25 என்றால் 0-உம் -0.5-உம், -0.75 என்றால் -0.5-உம் -1-உம், -1.25 என்றால் -1-உம் -1.5-உம். சில தளங்கள் இதை -0.25 என்று எழுதாமல் 0/-0.5 என்றோ 0, -0.5 என்றோ காட்டுகின்றன. எனக்கு அந்த எழுத்துமுறைதான் பிடிக்கும், ஏனென்றால் பந்தயத்தின் உள்ளமைப்பை அது மறைப்பதில்லை.

இங்கே பலரிடம் காணும் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். கால் என்பது கோலின் கால் பங்கைக் குறிக்கிறது, பணத்தின் கால் பங்கை அல்ல. -0.25 ஆனாலும் -0.75 ஆனாலும் -1.75 ஆனாலும் பணம் எப்போதும் சரிபாதியாகத்தான் பிரியும். 0.75 என்றால் முக்கால் பங்கு ஒருபுறமும் கால் பங்கு மறுபுறமும் போகும் என்று கணக்கிட்டால் எந்த முடிவும் ஒத்துவராது. அதேபோல் இரண்டு பாதிகளுக்கும் ஒரே ஆட்ஸ்தான், சீட்டில் 1.90 என்று இருந்தால் இரண்டு 50 பவுண்டுகளும் 1.90-இலேயே ஓடுகின்றன.

எந்தக் கால் லைனிலும் பாதி முடிவு வருவது ஒரேயொரு குறிப்பிட்ட கோல் வித்தியாசத்தில்தான். அது முழு லைனுக்குச் சரிசமமான வித்தியாசம், ஏனென்றால் அப்போது மட்டும்தான் ஒரு பாதி திரும்பி வருகிறது. மற்ற எல்லா வித்தியாசங்களிலும் இரண்டு பாதிகளும் ஒன்றாக வெல்லும், அல்லது ஒன்றாகத் தோற்கும். அந்த ஒரு வித்தியாசத்தில் நமக்கு அரை வெற்றியா, அரைத் தோல்வியா என்பதை அரை லைன்தான் தீர்மானிக்கிறது. அரை லைன் முழு லைனைவிட நமக்கு எளிதானதாக இருந்தால் அரை வெற்றி; கடினமானதாக இருந்தால் அரைத் தோல்வி. -0.75-இல் முழு லைன் -1, அதைவிட -0.5 எளிது, ஆகவே ஒரு கோல் வெற்றியில் அரை வெற்றி. -0.25-இல் முழு லைன் 0, அதைவிட -0.5 கடினம், ஆகவே சமனில் அரைத் தோல்வி.

இதை உண்மையான ஆட்டங்களில் வைத்துப் பார்ப்போம். ஸ்கோர்கள் எல்லாம் 2022 உலகக் கோப்பையில் பதிவானவை, லைன்களையும் 1.90 என்ற ஆட்ஸையும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்கிறேன். இந்தியாவில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நீங்கள் பவுண்டில் கேட்டிருப்பதால் பிரிட்டனில் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வைத்ததாகக் கொண்டு அதே பணத்தில் சொல்கிறேன்.

டிசம்பர் 3 அன்று நடந்த கடைசி 16 அணிகள் சுற்று ஆட்டத்தில் அர்ஜென்டினா ஆஸ்திரேலியாவை 2-1 என்று வென்றது. 35-ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி, 57-ஆவது நிமிடத்தில் அல்வாரெஸ், பிறகு 77-ஆவது நிமிடத்தில் குட்வின் அடித்த பந்து என்ஸோ ஃபெர்னாண்டஸ் மீது பட்டுத் திரும்பி அர்ஜென்டினாவின் வலைக்குள் போனது. வித்தியாசம் ஒரு கோல். ஆட்டத்துக்கு முன்பே அர்ஜென்டினா -0.25-இல் 100 பவுண்ட் வைத்தவருக்கு இரண்டு பாதிகளும் வென்றன. 190 பவுண்ட் கிடைக்கும். -0.75-இல் வைத்தவருக்கு உங்களுக்கு நடந்ததேதான்: 145. -1.25-இல் வைத்தவரின் நிலை வேறு. அவருடைய ஒரு பாதி -1-இல் இருந்தது, அது திரும்பி வந்தது, மறுபாதி -1.5-இல் இருந்தது, இரண்டு கோல் வித்தியாசம் இல்லாததால் அது போயிற்று. அவர் கைக்கு 50 பவுண்ட் மட்டும் வரும். அவர் ஆதரித்த அணி ஆட்டத்தை வென்றது, ஆனாலும் அவருக்கு 50 பவுண்ட் இழப்பு. ஒரே ஆட்டம், ஒரே ஸ்கோர், ஒரே அணி. லைன் அரை கோல் நகர்ந்ததும் 45 பவுண்ட் இலாபம் 50 பவுண்ட் இழப்பாக மாறிவிடுகிறது.

இதே ஆட்டத்தைத் தோற்ற அணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் பிளஸ் லைன்கள் விளங்கும். ஆஸ்திரேலியா +0.75 என்பது +0.5-உம் +1-உம் சேர்ந்தது. ஒரு கோலில் தோற்றபோது +0.5 பாதி போனது. +1 பாதி சமனாகித் திரும்பியது. கைக்கு 50 பவுண்ட், அரைத் தோல்வி. ஆஸ்திரேலியா +1.25-இல் வைத்தவருக்கு +1 பாதி திரும்பியது, +1.5 பாதி வென்று 95 ஆனது. மொத்தம் 145, அரை வெற்றி. +0.25-இல் வைத்தவருக்கு 0, +0.5 என்ற இரண்டு பாதிகளும் தோற்று, ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கே ஒரு பொருத்தம் இருப்பதைக் கவனிக்கலாம். அர்ஜென்டினா -0.75-இல் அரை வெற்றி என்றால், எதிர்ப்பக்கமான ஆஸ்திரேலியா +0.75-இல் அரைத் தோல்வி; அர்ஜென்டினா -1.25-இல் அரைத் தோல்வி என்றால் ஆஸ்திரேலியா +1.25-இல் அரை வெற்றி. ஒரே லைனின் இரண்டு பக்கங்களும் எப்போதும் இப்படித்தான் நேரெதிராக அமையும். உங்கள் கணக்கு சரியா என்று சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கத்தையும் தீர்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் அரை வெற்றியாக வந்தால் எங்கோ அடையாளக்குறி மாறியிருக்கிறது.

இனி சமன். டிசம்பர் 9 அன்று காலிறுதியில் பிரேசிலும் குரோஷியாவும் மோதின. 90 நிமிடங்கள் முடிந்தபோது ஸ்கோர் 0-0. பிரேசில் -0.25-இல் வைத்தவரின் 0 பாதி திரும்பியது, -0.5 பாதி போனது; கைக்கு 50 பவுண்ட். குரோஷியா +0.25-இல் வைத்தவரின் 0 பாதி திரும்பியது, +0.5 பாதி வென்று 95 ஆனது. கைக்கு 145 பவுண்ட். பிரேசில் -0.75-இல் வைத்தவருக்கு -0.5, -1 இரண்டுமே சமனில் தோற்பவை என்பதால் முழுத் தொகையும் போனது, குரோஷியா +0.75-இல் வைத்தவருக்கு முழு வெற்றி, 190 பவுண்ட். சமன் பாதி முடிவாக அமைவது 0.25 லைன்களில் மட்டும்தான். 0.75 முதல் மேலே உள்ள எந்த லைனிலும் சமன் முழு வெற்றியாகவோ முழுத் தோல்வியாகவோதான் முடியும்.

இந்த ஆட்டத்தை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும் தறுவாயில் நெய்மார் கோல் அடித்தார். 117-ஆவது நிமிடத்தில் பெட்கோவிச் சமன் செய்தார். பெனால்டியில் குரோஷியா 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. இவற்றில் ஒன்றுகூட சாதாரண ஏசியன் ஹேண்டிகேப் பந்தயத்தைத் தொடாது. அந்தப் பந்தயம் 90 நிமிடங்களுக்கும் அதோடு நடுவர் சேர்க்கும் காயநேரத்துக்கும் மட்டுமே. கூடுதல் நேரத்துக்கென்று தனிச் சந்தை திறக்கப்பட்டிருந்தால் அது தனிப் பந்தயம். குரோஷியா முன்னேறியதைப் பார்த்து, குரோஷியா +0.25-க்கு ஏன் 190 வரவில்லை என்று கேட்பது வழக்கமான புகார். பந்தயத்தைப் பொறுத்தவரை அன்றைய முடிவு 0-0 சமன், அவ்வளவுதான். முதல் பாதி ஹேண்டிகேப் என்றால் இடைவேளை ஸ்கோரோடு கணக்கு முடிந்துவிடும்.

அரை வெற்றியைக் கணக்கிடும்போது நேரும் ஒரு பிழையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முழு வெற்றியில் 190 வரும், எனவே அரை வெற்றியில் அதில் பாதியான 95 வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். 95 வந்தால் அது இழப்பு, வெற்றியே அல்ல. பாதியாகக் குறைவது இலாபம் மட்டும்தான்; போட்ட பணம் முழுவதும் திரும்புகிறது. ஆகவே 100-ஐ முதலில் தனியே வைத்துவிட்டு, 90 பவுண்ட் இலாபத்தைப் பாதியாக்கி 45 என்று எடுத்து இரண்டையும் கூட்ட வேண்டும். அரைத் தோல்வியில் ஆட்ஸுக்கு வேலையே இல்லை. 1.70 ஆனாலும் 2.10 ஆனாலும் 100 பவுண்டில் 50 திரும்பும், 50 போகும். சீட்டில் வந்த தொகை போட்ட பணத்தில் சரிபாதியாக இருந்தால் அரைத் தோல்வி என்றும், போட்டதைவிட அதிகமாகவும் முழு வெற்றியைவிடக் குறைவாகவும் இருந்தால் அரை வெற்றி என்றும் உடனே அறிந்துகொள்ளலாம்.

இவ்வளவு சிக்கலாக லைனைப் பாதியாக்க வேண்டிய தேவை என்ன என்ற கேள்வி எழும். பந்தயம் ஏற்கும் புக்மேக்கர் இரண்டு பக்கத்தின் விலையையும், அதாவது ஆட்ஸையும், இரட்டிப்பான 2.00-க்கு அருகில் வைக்க விரும்புகிறார். அணிகளின் பலமோ அரை கோல் படிகளில் அளந்துவைத்தாற்போல் அமைவதில்லை. ஓர் அணி 90 நிமிடத்தில் வெல்ல நூற்றுக்கு 45, சமனாக 28, தோற்க 27 வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். புக்மேக்கரின் பங்கு எதுவும் இல்லாத நியாயமான விலையைக் கணக்கிட்டால், 0 லைனில் சமனுக்குப் பணம் திரும்புவதால் அது 1.60 ஆகிறது. -0.5 லைனில் சமன் தோல்வியாவதால் 2.22 ஆகிறது. ஒன்று மிகக் குறைவு, மற்றொன்று சற்று அதிகம். -0.25 லைனில் அதே ஆட்டத்தின் விலை 1.91. இதைச் சரிபார்ப்பது எளிது: அந்த ஆட்டம் நூறு முறை நடப்பதாகக் கொண்டால் 45 முறை 91 பவுண்ட் வீதம் ஏறத்தாழ 4,100 பவுண்ட் வரும், 27 முறை 100 பவுண்ட் வீதமும் 28 முறை 50 பவுண்ட் வீதமும் போவது 2,700-உம் 1,400-உம் ஆக அதே 4,100.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒன்றும் கிடைக்கிறது. 0 லைனில் 1.60-க்கு 50 பவுண்டும், -0.5 லைனில் 2.22-க்கு 50 பவுண்டும் தனித்தனியாக வைத்தால், அணி வென்றபோது வரும் இலாபம் 30-உம் 61-உம் சேர்ந்து 91. சமனில் 50 இழப்பு. தோல்வியில் 100 இழப்பு. கால் லைனில் மொத்தமாக வைத்தாலும் இதேதான். ஆகவே -0.25-க்குத் தனியான எந்த அனுகூலமும் இல்லை, தனியான ஆபத்தும் இல்லை. ஒரே நிறுவனத்தில் மூன்று லைன்களும் திறந்திருந்தால், இரண்டாகப் பிரித்து வைப்பதில் வெற்றி இலாபம் கூடுதலாக வருகிறதா, கால் லைனில் கூடுதலாக வருகிறதா என்று பார்க்கலாம். இந்த நேரடி ஒப்பீடு பாதி முடிவு அரைத் தோல்வியாக வரும் -0.25, -1.25 போன்ற லைன்களுக்குத்தான் பொருந்தும். -0.75-ஐ -0.5, -1 என்று பிரித்தால் ஒரு கோல் வெற்றியில் -0.5-இன் விலை மட்டும் வேலை செய்வதால், ஒரு கோல் வெற்றியையும் அதற்கு மேற்பட்ட வெற்றியையும் தனித்தனியே கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

புக்மேக்கரின் பங்கும் பாதி முடிவில் பாதியாகிறது. இரண்டு பக்கமும் 1.90 விலையில் இருவர் ஆளுக்கு 100 பவுண்ட் வைத்தால் மொத்தம் 200. முழு முடிவு வந்தால் ஒருவருக்கு 190 கொடுத்து 10 பவுண்ட் எடுத்துக்கொள்கிறார். பாதி முடிவு வந்தால் ஒருவருக்கு 145, மற்றவருக்கு 50, ஆக 195 கொடுத்து 5 பவுண்ட் மட்டும் எடுத்துக்கொள்கிறார். அது குறையும், ஆனால் இல்லாமல் போவதில்லை. கால் லைன் பாதுகாப்பானது என்று சொல்லி யாராவது அதைப் பரிந்துரைத்தால், ஓர் ஆட்டத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம் குறைந்தாலும், நீண்ட காலத்தில் புக்மேக்கருக்குப் பங்கு போய்க்கொண்டேதான் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வைக்கும் பந்தயத்தில்தான் கால் லைன் பலரை ஏமாற்றுகிறது. காரணம் பிரிப்பு அல்ல, ஸ்கோர். நேரலை ஏசியன் ஹேண்டிகேப்பில், பந்தயம் வைத்த நொடியில் ஸ்கோர் 0-0 என்று கொள்ளப்படும். அதற்குப் பிறகு விழும் கோல்கள் மட்டுமே எண்ணப்படும். மீண்டும் அர்ஜென்டினா - ஆஸ்திரேலியா ஆட்டத்துக்கு வருவோம். இடைவேளையில் 1-0. அப்போது அர்ஜென்டினா -0.25-இல் 100 பவுண்ட் வைத்தவருக்கு, அதன்பின் அல்வாரெஸின் கோல் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று. எஞ்சிய ஆட்டம் 1-1 சமன். 0 பாதி திரும்பி -0.5 பாதி போய், 50 பவுண்ட்தான் கைக்கு வரும். 57-ஆவது நிமிடத்துக்குப் பிறகு 2-0 என்ற நிலையில் அதே -0.25-இல் வைத்தவருக்கோ எஞ்சிய ஆட்டம் 0-1. முழு 100 பவுண்டும் போயிற்று. அர்ஜென்டினா 2-1 என்று வென்ற ஆட்டத்தில், ஆட்டத்துக்கு முன் -0.25-இல் வைத்தவர் 190 பெற, 2-0-இல் அதே லைனில் வைத்தவர் ஒன்றும் பெறவில்லை. அந்த நேரத்தில் ஆஸ்திரேலியா +0.25-இல் வைத்தவருக்கு, அந்த அணி தோற்றிருந்தும், முழு வெற்றி.

இதை முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. நேரலைப் பந்தயச் சீட்டில் அணியின் பெயருக்கு அருகிலோ லைனுக்கு அருகிலோ (2-0) என்பது போல் வைத்த நேரத்து ஸ்கோர் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். கடைசி ஸ்கோரிலிருந்து அதைக் கழித்துவிட்டு மீதியைக் கொண்டு லைனைத் தீர்க்க வேண்டும். ஆனால் கோல் எண்ணிக்கைப் பந்தயங்களில் இப்படிக் கழிப்பதில்லை; அங்கே ஆட்டத்தின் முதல் கோலிலிருந்து எல்லாமே எண்ணப்படும். 2.75-க்கு மேல் என்று வைத்தவருக்கு அந்த ஆட்டத்தின் 3 கோல்களில் 2.5 பாதி வென்று 3 பாதி திரும்பும், அரை வெற்றி; 3.25-க்கு மேல் என்று வைத்தவருக்கு 3 பாதி திரும்பி 3.5 பாதி போகும், அரைத் தோல்வி. பிரிக்கும் முறை ஹேண்டிகேப்பில் உள்ளதேதான்.

கடைசியாக, பல ஆட்டங்களை ஒரே சீட்டில் கோத்து வைக்கும் தொடர் பந்தயம். தனிப் பந்தயத்தில் கணக்கைச் சரியாகப் போடுபவர்கள்கூட இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தொடர் பந்தயத்தில் ஒவ்வோர் ஆட்டமும் ஒரு பெருக்கல் எண்ணாக மாறும். முழு வெற்றி என்றால் அந்த எண் ஆட்ஸேதான். பணம் திரும்பினால் 1. முழுத் தோல்வி என்றால் 0. அரை வெற்றிக்கு ஆட்ஸோடு 1-ஐக் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும், 1.90 என்றால் 1.45. அரைத் தோல்விக்கு ஆட்ஸ் எதுவானாலும் 0.50.

அர்ஜென்டினா -0.75-ஐயும் பிரேசில் -0.25-ஐயும் 1.90 வீதம் கோத்து ஒரே சீட்டில் 100 பவுண்ட் வைத்ததாகக் கொள்வோம். முதலாவது அரை வெற்றி, 1.45; இரண்டாவது அரைத் தோல்வி, 0.50. பெருக்கினால் 0.725; கைக்கு 72.50 பவுண்ட். ஓர் அரை வெற்றியும் ஓர் அரைத் தோல்வியும் ஒன்றையொன்று சரிக்கட்டும் என்று எதிர்பார்த்தவருக்கு 27.50 பவுண்ட் இழப்பு பெரிதாகத் தெரியலாம். பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும். சீட்டுக்குள் 25 பவுண்ட் வீதம் நான்கு தொடர் பந்தயங்கள் இருக்கின்றன. பிரேசிலின் -0.5 பாதியோடு கோத்த இரண்டும் செத்துவிட்டன. பிரேசிலின் 0 பாதியோடு அர்ஜென்டினாவின் -0.5 சேர்ந்தது 25 × 1.90 = 47.50 ஆனது. 0 பாதியோடு அர்ஜென்டினாவின் -1 சேர்ந்ததில் இரண்டுமே பணம் திரும்பும் முடிவுகள் என்பதால் 25 அப்படியே வந்தது. இரண்டும் சேர்ந்து 72.50. உங்கள் சீட்டில் இப்படியொரு தொகை வந்து காரணம் விளங்காவிட்டால், ஆட்டங்களின் பெருக்கல் எண்களை எழுதிப் பெருக்கிப் பாருங்கள்; பென்னி அளவில் வித்தியாசம் இருந்தால் அது தொகையை முழுமையாக்கியதால் வந்தது, அதைவிடப் பெரிதாக இருந்தால் 90 நிமிட ஸ்கோரையும் வைத்த நேரத்து ஸ்கோரையும் குறிப்பிட்டு நிறுவனத்திடம் மறுகணக்குக் கேளுங்கள்.